ஸ்போர் உருவாகவில்லையா, உருவாகியும் முளைக்கவில்லையா? பேசில்லஸ் சப்டிலிஸில் பிழை தேடும் வழி

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை வைத்து வேலை செய்யும் ஆய்வகங்களில் 'ஸ்போர் சரியா வரல' என்ற புகார் ஓயாது. அந்த ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, பட்டினி கிடந்தும் செல்கள் ஸ்போராக, அதாவது பட்டினியைத் தாங்கி உறங்கும் வடிவமாக, மாறவில்லை. இன்னொன்று, ஸ்போர் நன்றாகவே உருவாகிவிட்டது, ஆனால் உணவைக் காட்டியும் அது முளைக்கவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

எல்லோரும் முதலில் செய்வது வெப்பச் சோதனைதான். சாதாரணச் செல்களைக் கொன்று ஸ்போரை மட்டும் விட்டுவைக்கும் 80 டிகிரியில் கல்ச்சரை 20 நிமிடம் வைத்து, நீர்த்து, தட்டில் பரப்பி, வெப்பம் காட்டாத மாதிரியோடு காலனிகளை ஒப்பிடுவது. நல்ல சோதனைதான். ஆனால் காலனி வர வேண்டுமென்றால் ஸ்போர் உருவாகவும் வேண்டும், பிறகு முளைக்கவும் வேண்டும். ஆகவே காலனி குறைந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தட்டு சொல்லாது. அதைச் சொல்வது ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கி. முடிந்த ஸ்போர் அதில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், முளைத்த ஸ்போர் கறுத்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. டிஃப்கோ ஸ்போருலேஷன் ஊடகத்தில் வளர்த்த 24 மணி நேரக் கல்ச்சர். வெப்பம் காட்டாத மாதிரியைப் பத்து லட்சம் மடங்கு நீர்த்து 0.1 மில்லி பரப்பியதில் 42 காலனிகள். அதாவது மில்லிக்கு 42 கோடி உயிருள்ள செல்கள். வெப்பம் காட்டியதை ஒரு லட்சம் மடங்கு நீர்த்து 0.1 மில்லி பரப்பியதில் 31 காலனிகள். அதாவது மில்லிக்கு 3.1 கோடி. ஸ்போர் விகிதம் சுமார் 7 சதவீதம். இந்த ஊடகத்தில் நல்ல ஸ்ட்ரெயின் பாதிக்கு மேல் தர வேண்டும். இப்போது அதே கல்ச்சரில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வையுங்கள். நூறு செல்லில் ஏழெட்டுதான் பளிச்சென்று இருந்தால் முதல் அறிகுறிக்குப் போங்கள். அறுபது எழுபது பளிச்சென்று இருந்தும் தட்டில் ஏழு சதவீதம்தான் என்றால் மூன்றாம் அறிகுறிக்குப் போங்கள். ஊடகத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுவதற்கு முன்னால் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள்.

அறிகுறி 1: கல்ச்சர் நன்றாக வளர்ந்திருக்கிறது, பளிச்சென்ற ஸ்போர் இல்லை அல்லது மிகக் குறைவு

*நேரம் போதுமா?*

கடிகாரத்தைக் கல்ச்சர் போட்ட நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். செல்கள் வேகமாகப் பெருகுவதை நிறுத்தும் கணம்தான் பூஜ்ஜியம். 600 நானோமீட்டரில் கல்ச்சரின் கலங்கலைக் காட்டும் ஓடி அளவை எடுத்து வரைந்தால் கோடு வளையும் இடம் அது. அங்கிருந்து 37 டிகிரியில் சுமார் 2 மணி நேரத்தில் செல்லின் ஒரு முனையில் குறுக்குச் சுவர் விழும். 3, 4 மணி நேரத்தில் பெரிய அறை சின்ன அறையை விழுங்கும். 6 மணி நேரம் வாக்கில் பளபளப்பு வரத் தொடங்கும். 8 மணி நேரத்துக்கு மேல்தான் தாய்ச் செல் உடைந்து ஸ்போர் வெளியே வரும். காலையில் போட்டுவிட்டு மாலையில் பார்த்து 'இல்லை' என்று சொல்வது அவசரம்.

*சாப்பாடு மிச்சம் இருக்கிறதா?*

செல் ஸ்போராகப் போவதற்கு உண்மையான பட்டினி வேண்டும். டிஃப்கோ ஸ்போருலேஷன் ஊடகத்தில் குளுக்கோஸ் கிடையாது. யாராவது 'வளர்ச்சி நல்லா இருக்கட்டும்' என்று குளுக்கோஸ் சேர்த்திருந்தாலோ, எல்பி ஊடகத்தில் வளர்ந்த கல்ச்சரை நிறைய ஊற்றியிருந்தாலோ, ஸ்போர் பாதைக்குள் நுழைவு தள்ளிப்போகும் அல்லது நடக்கவே நடக்காது. பிஎச் பாருங்கள். சரியான கல்ச்சர் முடிவில் காரப் பக்கம் போயிருக்கும். அமிலமாக நின்றால் சர்க்கரைமீது சந்தேகப்படலாம்.

*காற்று*

250 மில்லி குடுவையில் 25 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். நூறு மில்லி ஊற்றி மெதுவாகச் சுற்றவிட்டால் ஓடி ஏறும், ஸ்போர் வராது. பணம் செலவில்லாமல் தீரும் கோளாறுகளில் அதிகம் பார்த்தது இதுதான்.

*உப்புகள்*

டிஃப்கோ ஊடகத்தின் அளவுகள்: லிட்டருக்கு நியூட்ரியன்ட் பிராத் 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1 கிராம், மெக்னீசியம் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறு உள்ளது) 0.12 கிராம், பிஎச் 7.6. ஆட்டோகிளேவ் முடிந்து ஆறிய பிறகுதான் மற்ற மூன்றும்: 1 மில்லிமோலார் கால்சியம் நைட்ரேட், 10 மைக்ரோமோலார் மாங்கனீஸ் குளோரைடு, 1 மைக்ரோமோலார் இரும்பு சல்பேட். இவற்றை முன்கூட்டியே போட்டு வேகவைத்தால் ஊடகத்தில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகலாம். ஊடகம் தெளிவாகத் தெரிந்தாலும் அடியில் ஒரு படிவு இருக்கும். மாங்கனீஸ் இல்லாவிட்டால் வளர்ச்சி கெடாது, ஸ்போர் மட்டும் கெடும். அதனால்தான் இந்தக் குறை கண்ணில் படாமல் போகிறது. இரும்பு சல்பேட் கரைசல் பழுப்பாகியிருந்தால் புதிதாகக் கரையுங்கள். சோதனை சுலபம்: ஒரே கல்ச்சரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் புதிய மாங்கனீஸ் கரைசலைச் சேர்த்து ஒப்பிடுங்கள்.

*ஊடகம் மாற்றும் முறையில் மட்டும்: டிரிப்டோபேன்*

வளமான ஊடகத்தில் வளர்த்து, செல்களை வண்டலாக்கி, ஏழ்மையான ஊடகத்தில் மீண்டும் கலக்கும் முறையைச் சிலர் பயன்படுத்துவார்கள். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் கிளம்பும் என்பதால் நேரக் கணக்கு தேவைப்படும் வேலைக்கு அதுதான் நல்லது. ஆனால் பரவலாகப் பயன்படும் 168 ஸ்ட்ரெயினுக்கு டிரிப்டோபேனைத் தானே தயாரிக்கத் தெரியாது. பிராத்தில் அது ஏற்கெனவே இருப்பதால் அங்கே பிரச்சினை தெரிவதில்லை. ஏழ்மையான ஊடகத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் சேர்க்க மறந்தால் செல் பட்டினியை உணர்ந்தும் ஸ்போருக்கான புரதங்களைக் கட்ட முடியாமல் நின்றுவிடும். அதே போல் செல்களை மிக நீர்த்த நிலையில் கலக்காதீர்கள். அக்கம்பக்கத்துச் செல்கள் வெளிவிடும் சிறு பெப்டைடுகளும் நுழைவு முடிவில் பங்கு எடுக்கின்றன. கூட்டம் குறைந்தால் ஸ்போரும் குறையும்.

*ஸ்ட்ரெயின் கெட்டுவிட்டதா?*

வளமான ஊடகத்தில் மீண்டும் மீண்டும் மாற்றி மாற்றி வளர்த்த ஸ்ட்ரெயினில் ஸ்போர் விடாத மாற்றுருக்கள் மேலோங்கும். ஸ்போர் விடும் வேலையை விட்டவை வளரும் போட்டியில் முந்திக்கொள்ளும். ஸ்போருலேஷன் ஊடகத் தட்டில் தனிக் காலனிகளாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். ஸ்போர் விடுபவை மங்கலாகவும் அடர்ந்தும் பழுப்பேறியும் இருக்கும். அந்தப் பழுப்பு ஸ்போர் உறையிலுள்ள ஒரு நொதியால் வருவது. ஸ்போர் விடாதவை வெளிறி, கண்ணாடி போலத் தெரியும், நாளானால் கரையவும் செய்யும். இரண்டும் கலந்திருந்தால் பழுப்புக் காலனி ஒன்றை எடுத்து, 80 டிகிரியில் சூடு காட்டி, தப்பியதை வளர்த்து, கிளிசராலில் மைனஸ் 80-இல் வையுங்கள்.

*செயற்கையாகத் தூண்டும் ஸ்ட்ரெயின் வைத்திருப்பவர்களுக்கு*

நுழைவு முடிவை எடுப்பது ஸ்போ0ஏ என்ற புரதம். அதற்குப் பாஸ்பேட் நேரடியாக வராது. கின்-ஏ போன்ற கைனேஸ்களிடமிருந்து ஸ்போ0எஃப், ஸ்போ0பி வழியாகக் கைமாறி வரும். பட்டினியில் அந்த அளவு மெல்ல மெல்ல ஏற வேண்டும். நேரடியாக ஸ்போ0ஏ-வின் எப்போதும் விழித்திருக்கும் வடிவத்தை ஐபிடிஜி என்ற தூண்டும் ரசாயனம் போட்டுத் தடாலென்று ஏற்றினால் ஸ்போர் விகிதம் மோசமாகவே இருக்கும். 2005-இல் ஃபூஜிட்டாவும் லோசிக்கும் இதைக் காட்டினார்கள். கின்-ஏ-வைத் தூண்டி, சங்கிலி வழியே ஏறவிட்டால் செல்கள் வளமான ஊடகத்தில்கூட ஸ்போர் விடும். உங்கள் அமைப்பு முதல் வகையா என்று பாருங்கள்.

*எப்போது வெளியே கொடுப்பது?* மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, பழுப்புக் காலனி ஒன்றுகூட இல்லை என்றால் மரபணுத் தொகுப்பை வரிசைப்படுத்தக் கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு மலிவான வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள பேசில்லஸ் மரபுச் சேகரிப்பில் 168 ஸ்ட்ரெயின் 1A1 என்ற எண்ணில் கிடைக்கும். அதையோ நம்பகமான வேறு சேகரிப்பின் ஸ்ட்ரெயினையோ அதே நாள், அதே ஊடகத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்தாலே ஊடகமா ஸ்ட்ரெயினா என்று தெரிந்துவிடும்.

அறிகுறி 2: ஸ்போர் விடத் தொடங்கியது, பாதியில் நின்றது அல்லது மறுபடி வளர்ந்துவிட்டது

*இடையில் சாப்பாடு கிடைத்ததா?*

குடுவையில் நீர் ஆவியாகிக் குறைந்ததைப் பார்த்துப் புதிய ஊடகம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள். குறுக்குச் சுவர் விழும்வரை செல்லால் திரும்பிப் போக முடியும். சுவர் விழுந்து, இரண்டு அறைகளிலும் தனித்தனி மரபணுத் திட்டங்கள் இயங்கத் தொடங்கிய பிறகு திரும்ப முடியாது. அப்போது எவ்வளவு உணவு கொடுத்தாலும் ஸ்போரை முடித்துவிட்டுத்தான் ஓயும். ஆகவே ஒரு மணி நேரத்தில் ஊற்றிய ஊடகம் கல்ச்சரைக் கெடுக்கும், ஐந்தாம் மணி நேரத்தில் ஊற்றியது அவ்வளவாகக் கெடுக்காது.

உங்கள் நிலைமையில் அந்த எல்லை எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்கலாம். பூஜ்ஜியத்திலிருந்து 1, 2, 3, 4 மணி நேரத்தில் ஒவ்வொரு மில்லி எடுத்து, மெதுவாகச் சுற்றி வண்டலாக்கி, வெதுவெதுப்பான எல்பி ஊடகத்தில் கலந்து, 37 டிகிரியில் ஆட்டுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பாருங்கள். முடிவெடுக்காத செல்கள் நீண்டு, நடுவில் பிரிந்து, பெருகத் தொடங்கியிருக்கும். முடிவெடுத்தவை பெருகாமல், உள்ளே சாம்பல் நிற உருண்டையோடு ஸ்போரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். இதைக் காலனி எண்ணிச் செய்ய முயலாதீர்கள். திரும்பிப் போன சில செல்களே பெருகி எண்ணிக்கையை விழுங்கிவிடும்.

*சாப்பாடு கிடைக்கவில்லை, ஆனாலும் நின்றுவிட்டது*

செல் சவ்வில் ஒட்டும் எஃப்எம் 4-64 சாயம் போட்டு, மூன்றாம் மணி நேரத்தில் ஒளிரும் நுண்ணோக்கியில் பாருங்கள். சுவரே இல்லை என்றால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். ஒரு முனையில் மட்டும் சுவர் இருந்து, விழுங்கல் நடக்காமல் இருந்தால் அடுத்த கட்ட மரபணுக்களில் கோளாறு. இரண்டு முனையிலும் சுவர் விழுந்திருந்தால் அது தெளிவான அடையாளம்: தாய்ச் செல்லில் மரபணுக்களை இயக்க வேண்டிய சிக்மா-ஈ என்ற புரதம் இயங்கவில்லை, அதனால் இரண்டாவது சுவரைத் தடுக்க ஆளில்லை. இவை ஸ்ட்ரெயினின் மரபுக் கோளாறுகள். ஊடகத்தை மாற்றித் தீராது, வரிசைப்படுத்தத்தான் கொடுக்க வேண்டும்.

அறிகுறி 3: நுண்ணோக்கியில் ஸ்போர் நிறைய, தட்டில் காலனி கொஞ்சம்

*முதலில் வெப்பச் சோதனையைச் சந்தேகியுங்கள்.* வாட்டர் பாத்தின் திரையில் 80 என்று இருக்கும், நீரில் 90-ஐ நெருங்கியிருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு குழாயில் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். ஸ்போர்கள் பிளாஸ்டிக் குழாய்ச் சுவரிலும் பிப்பெட் முனையிலும் ஒட்டிக்கொள்ளும், ஒன்றோடொன்று கட்டியும் போகும். நீர்க்கும் தண்ணீரில் 0.01 சதவீதம் ட்வீன் 80 சேர்த்து எண்ணிக்கை உயர்கிறதா பாருங்கள். பல ஸ்போர்கள் கட்டியாக விழுந்தால் தட்டில் ஒரே காலனிதான்.

*அதுவும் சரி என்றால்*, ஸ்போர் முளைக்கவில்லை. வளமான தட்டில்கூட முளைக்காத ஸ்போர் என்பது கடும் கோளாறு. அடுத்த அறிகுறியின் கடைசிச் சோதனைகளுக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி 4: உணவு கொடுத்தும் முளைப்பு மெதுவாக இருக்கிறது அல்லது பாதியில் நிற்கிறது

அளக்கும் முறை: ஓடி 1 அளவுக்கு ஸ்போரைக் கலந்து, 10 மில்லிமோலார் எல்-அலனின், பிஎச் 7.5 முதல் 8 வரையிலான டிரிஸ் பஃபரில், 37 டிகிரியில். ஸ்போர்கள் முளைக்கும்போது ஒளியைச் சிதறடிக்கும் தன்மையை இழப்பதால் ஓடி இறங்கும். ஒரு மணி நேரத்துக்குள் 0.4, 0.5 வரை வந்தால் ஏறக்குறைய எல்லாம் முளைத்துவிட்டது. 0.8-இல் நின்றால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள். ஓடியை மட்டும் நம்பாமல் ஒரு துளியை நுண்ணோக்கியிலும் வைத்துக் கறுத்தவற்றை எண்ணுங்கள்.

*சூடு காட்டினீர்களா?*

முளைப்புக்கு முன் 70 டிகிரியில் 30 நிமிடம், உடனே ஐஸில். இது செல்களைக் கொல்லும் 80 டிகிரிச் சோதனை அல்ல, ஸ்போரைத் தயார்படுத்துவது. இதன் பலன் நிலைக்காது, வைத்திருந்தால் மங்கிவிடும். சோதனை செய்யும் அன்றே சூடு காட்டுங்கள்.

*பாட்டிலின் லேபிள்*

அலமாரியில் டிஎல்-அலனின் பாட்டில் இருந்து அதை எடுத்திருந்தால் விளக்கம் அங்கேயே முடிந்தது. டி-அலனின், எல்-அலனினை உணரும் ஜெர்-ஏ ஏற்பியைத் தடுக்கும். பாதிக்குப் பாதி கலவையில் முளைப்பு முடங்கும். லேபிள் சரியாக இருந்தும் சந்தேகம் இருந்தால் வேறு வழியில் கதவைத் தட்டுங்கள்: அஸ்பராஜின், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், பொட்டாசியம் குளோரைடு, ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார். இந்தக் கலவையை ஜெர்-பி, ஜெர்-கே ஏற்பிகள் சேர்ந்து உணர்கின்றன, டி-அலனின் இதைத் தடுக்காது. நான்கில் ஒன்றை மறந்தாலும் வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். ஒன்றில் முளைத்து இன்னொன்றில் முளைக்கவில்லை என்றால் கோளாறு அந்த ஏற்பியில் அல்லது அதற்கான உணவில். இரண்டிலும் மெதுவாக இருந்தால் கோளாறு பொதுவானது.

*ஸ்போர் எந்த ஊடகத்தில் பிறந்தது?*

இதைப் பலர் யோசிப்பதில்லை. வளமான ஊடகத்தில் உருவான ஸ்போரில் முளைப்பு ஏற்பிகள் அதிகம் இருக்கும், ஏழ்மையான ஊடகத்தில் உருவானதில் குறைவு. ஆகவே போன மாதத் தொகுதி வேகமாக முளைத்தது, இந்த மாதத் தொகுதி மெதுவாக முளைக்கிறது என்றால், முளைப்புச் சோதனையில் தேடுவதற்கு முன் ஸ்போர் தயாரித்த குறிப்பேட்டைப் பாருங்கள். ஊடக முறை மாறியிருக்கலாம், பிராத் தூளின் தொகுதி எண் மாறியிருக்கலாம். இரண்டு தொகுதிகளையும் ஒப்பிட வேண்டிய ஆய்வு என்றால் ஒரே ஊடகத்தில் இரண்டையும் மறுபடி தயாரிப்பதைத் தவிர வழியில்லை.

*சில மட்டும் அசையாமல் இருந்தால்*

எந்த நல்ல தொகுதியிலும் சிறு பங்கு ஸ்போர்கள் ஒரு குறிப்பிட்ட உணவுக்கு அசையாது. அதை ஆழ்துயில் ஸ்போர்கள் என்பார்கள். அவற்றுக்கும் சூடு தேவைதான், ஆனால் இன்னும் கூடுதலான வெப்பம் கேட்கும். 75 அல்லது 80 டிகிரியில் 30 நிமிடம் காட்டி, உணவையும் மாற்றிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறினால் இது கோளாறு அல்ல, அந்தத் தொகுதியின் இயல்பு.

*ஏற்பியைத் தாண்டிப் பார்ப்பது*

இதுவரை எதற்கும் அசையாவிட்டால், ஏற்பி கெட்டதா, அதற்குப் பின்னால் உள்ள இயந்திரம் கெட்டதா என்று பிரிக்க வேண்டும். இரண்டு ரசாயனங்கள் அதற்கு உதவும். ஒன்று, டோடெசைலமின், சுமார் 1 மில்லிமோலார், 50 டிகிரியில். ஏற்பிகளைக் கேட்காமல் ஸ்போரின் உள்ளிருக்கும் டைபிகோலினிக் அமிலத்தை வெளியேறச் செய்யும். இதைத் தட்டில் பரப்பி எண்ணாதீர்கள், முளைத்த ஸ்போரை இது கொன்றுவிடும். நுண்ணோக்கியில் பாருங்கள், அல்லது டெர்பியம் சேர்த்து 270 நானோமீட்டர் ஒளியில் தூண்டி 545-இல் ஒளிர்வை அளந்து பாருங்கள். வெளியேறிய டைபிகோலினிக் அமிலம் டெர்பியத்தோடு சேர்ந்து ஒளிரும். இன்னொன்று, கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் சமமாகக் கலந்த கரைசல், 60 மில்லிமோலார், பிஎச் 8 வாக்கில். இது நேராக சி.டபிள்யூ.எல்-ஜே நொதியைத் தூண்டி ஸ்போரின் கார்டெக்ஸ் சுவரைக் கரைக்கும்.

படிப்பது இப்படி. உணவுக்கு முளைக்கவில்லை, இரண்டு ரசாயனங்களுக்கும் முளைக்கிறது: ஏற்பிகளிலோ, உணவை உள்ளே விடும் உறைப் புரதங்களிலோ கோளாறு. டோடெசைலமினுக்கு டைபிகோலினிக் அமிலம் வெளியேறுகிறது, கால்சியக் கரைசலுக்கு அசைவில்லை: சி.டபிள்யூ.எல்-ஜே பக்கம் பாருங்கள். ஸ்போர் கழுவும்போது காரமும் சோப்பும் போட்டு உறையை உரித்திருந்தாலும் இதே விடை வரும், ஏனென்றால் அந்த நொதி உறையோடு போய்விடுகிறது. எதற்குமே எதுவுமே வெளியேறவில்லை என்றால் அமிலம் வெளியேறும் வாசலைக் கட்டும் ஸ்போ5ஏ புரதங்களைச் சந்தேகிக்கலாம். ஆனால் அந்த இடத்தில் ஊகத்தை நிறுத்திக்கொண்டு, ஜெர் மரபணுக்களையும் ஸ்போ5ஏ பகுதியையும் வரிசைப்படுத்தக் கொடுங்கள். உறைக் கோளாறு என்று சந்தேகம் இருந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கி வசதியுள்ள இடத்தில் மெல்லிய வெட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். இதில் செலவு அதிகம், அதனால் கடைசியில்.

அறிகுறி 5: ஃபிரிட்ஜில் வைத்த ஸ்போர்கள் தானாகக் கறுக்கின்றன

பெரும்பாலும் கழுவியது போதவில்லை. உடைந்த தாய்ச் செல்களின் மிச்சத்திலிருந்து அமினோ அமிலங்கள் கசிந்து, ஸ்போருக்கு உணவு வந்துவிட்டது என்ற சேதியைக் கொடுக்கின்றன. குளிர்ந்த தூய நீரில் கலந்து, சுழற்றி, மேலே நிற்கும் நீரைக் கொட்டுவதைப் பல நாள்கள் திரும்பச் செய்யுங்கள். வண்டலில் ஸ்போர் அடியிலும் செல் குப்பை மேலேயும் இரண்டு அடுக்காக நிற்கும். மேலடுக்கைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துவிடலாம். நூற்றுக்கு 95-க்கு மேல் பளிச்சென்று இருக்கும்வரை இது தொடர வேண்டும். அவசரம் என்றால் ஹிஸ்டோடென்ஸ் போன்ற அடர்த்திக் கரைசலில் சுழற்றினால், முழுமையான ஸ்போர்கள் மட்டும் அடியில் இறங்கும். மற்றவை மேலேயே தங்கிவிடும்.

சேமிப்பது நீரில், 4 டிகிரியில். பஃபரிலோ பிராத் கலந்த எதிலுமோ வேண்டாம். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போகும் பழக்கம் ஆய்வகத்தில் இருந்தால், சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து வைத்து, தேவைப்படும் ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்துக் கறுத்தவற்றின் பங்கைப் பாட்டில்மேல் எழுதி வைத்தால், அந்தத் தொகுதியை எப்போது தூக்கிப்போட வேண்டும் என்பது சோதனை நடுவில் தெரிய வேண்டியதில்லை. கறுத்தவை பத்தில் ஒன்றைத் தாண்டினால் மறுபடி கழுவுங்கள். கழுவியும் ஏறிக்கொண்டே போனால் புதிதாகத் தயாரியுங்கள்.